கம்பியில் குத்திய பில்களும் டேலி கணக்கும்

கேள்வி: திண்டுக்கல் பக்கம் ஒரு சிறிய ஊரில் எங்கள் மளிகைக் கடை இருக்கிறது. ஜி.எஸ்.டி. பதிவு மாமனார் பெயரில். பருப்பு, வெல்லம், எண்ணெய், மசாலா சாமான் எல்லாம் மண்டியிலிருந்தும் மொத்தக் கடைகளிலிருந்தும் வரும். பாதிக்கு மேல் கையால் எழுதிய பில்தான். வாரத்துக்கு இருபது வரை சேரும், கம்பியில் குத்தி வைப்போம். கணக்கு எழுத வந்தவர் நின்றுவிட்டதால், பி.காம். படித்த நான் ஞாயிற்றுக்கிழமை மதியம் டேலியில் ஏற்றுகிறேன். சரக்கிருப்புக் கணக்கு வைப்பதில்லை, தொகை மட்டும்தான். ட்ரயல் பேலன்ஸ் சரியாக வருகிறது. ஆனால் பருப்பு மண்டிக்காரர் சொல்லும் பாக்கியைவிட எங்கள் கணக்கில் 9,240 ரூபாய் கூடுதலாக இருக்கிறது. எங்கே தவறினேன் என்று தெரியவில்லை. ஒவ்வொரு பில்லாக ஏற்றாமல் பார்ட்டிக்கு வாரம் ஒரு மொத்தமாகப் போட்டால் போதாதா? கையால் எழுதிய பில் செல்லாது என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்வது உண்மையா? ஆடிட்டர் அலுவலகத்தில் "ஜி.எஸ்.டி. 2பி அறிக்கையோடு ஒத்துப்போனால் போதும்" என்கிறார்கள். எனக்கு எளிதான சரிபார்ப்பு முறை ஒன்று வேண்டும்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த ட்ரயல் பேலன்ஸ் விஷயத்தைப் பேசிவிடுவோம், ஏனென்றால் உங்களுக்குத் தைரியம் தந்துகொண்டிருப்பது அதுதான். டேலியில் பற்றும் வரவும் சமமாக இல்லாவிட்டால் வவுச்சர் சேவ் ஆகவே ஆகாது. அதனால் ட்ரயல் பேலன்ஸ் எப்போதும் ஒத்துத்தான் போகும். ஒரு பில்லை ஏற்றாமல் விட்டிருந்தாலும், இரண்டு முறை ஏற்றியிருந்தாலும், பருப்பு மண்டிக்குப் போக வேண்டியது எண்ணெய்க் கடைக்குப் போயிருந்தாலும், 12,460 என்பதை 14,260 என்று அடித்திருந்தாலும் அது ஒத்துப்போகும். நோட்டில் எழுதிக் கூட்டிய காலத்தில் அது கூட்டல் பிழையைக் காட்டிக்கொடுத்தது. இப்போது கூட்டலை மென்பொருளே செய்துவிடுகிறது, பிழை நடப்பது காகிதத்துக்கும் கீபோர்டுக்கும் நடுவில். சரிபார்ப்பும் அந்த இடத்தில்தான் இருக்க வேண்டும்.

வாரம் ஒருமுறை ஏற்றுவது உங்கள் கடை அளவுக்குப் போதும், தினமும் உட்காரத் தேவையில்லை. மாதம் ஒருமுறை என்று தள்ளிவிடாதீர்கள். எந்த மூட்டையைத் திருப்பி அனுப்பினோம், எந்த விலையைப் போனில் பேசிக் குறைத்தோம் என்பது ஒரு வாரம் வரை நினைவிருக்கும், அதற்குமேல் நிற்காது.

பார்ட்டிக்கு ஒரே மொத்தமாகப் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். அப்படிப் போட்டால் பில் எண் கணக்கில் ஏறாது. பில் எண் இல்லாவிட்டால் ஒரே பில் இரண்டு முறை ஏறியதைக் கண்டுபிடிக்க வழியில்லை, மண்டிக்காரர் கணக்கோடு வரிக்கு வரி ஒப்பிடவும் முடியாது, ஜி.எஸ்.டி. பொருத்திப் பார்ப்பதும் நடக்காது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. பதிவில்லாத ஆளிடம் அன்றாடம் ரொக்கத்துக்கு வாங்கும் தேங்காய், கறிவேப்பிலை மாதிரிச் சின்னத் துண்டுச்சீட்டுகளை ஒரு நாளைக்கு ஒரு வவுச்சராகப் போடலாம். சீட்டுகளை ஒரு தாளில் ஒட்டி மொத்தம் எழுதி வைத்தால் போதும்.

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன்

சரிபார்ப்பில் முக்கால் பங்கு டேலியைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். கம்பியிலிருந்து பில்களை எடுத்துத் தேதிவாரியாக அடுக்குங்கள். ஒவ்வொரு பில்லின் வலது மேல் மூலையிலும் சிவப்புப் பேனாவால் உங்கள் வரிசை எண்ணைப் போடுங்கள். ஏப்ரல் 1-ல் 1-லிருந்து தொடங்கி மார்ச் 31 வரை தொடர்ந்து ஓடும் ஒரே வரிசை அது. மண்டிச் சீட்டில் பில் எண் இல்லாவிட்டாலும் இந்த எண் இருக்கும். பின்னால் பில்லைத் தேடி எடுக்கவும் இது உதவும்.

அடுத்தது கால்குலேட்டர். பில்கள் எத்தனை, மொத்தத் தொகை எவ்வளவு என்று காகிதத்திலிருந்து கூட்டி ஒரு நோட்டில் எழுதுங்கள். இதை உங்கள் மாமனாரைச் செய்யச் சொல்லுங்கள். மரியாதைக்காகச் சொல்லவில்லை, காரணம் இருக்கிறது. ஒரு பில்லில் இருக்கும் 1-ஐ நீங்கள் 7 என்று படித்தால், கூட்டும்போதும் 7, ஏற்றும்போதும் 7 என்றுதான் படிப்பீர்கள். இரண்டு மொத்தமும் ஒத்துப்போகும், இரண்டுமே தவறாக இருக்கும். வேறொரு கண் பார்த்தால் அந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். அதோடு, இந்த விலைக்கு இந்தச் சரக்கு வந்ததா என்பது அவருக்குத்தான் தெரியும்.

கூட்டும்போது ஒவ்வொரு பில்லிலும் அளவு பெருக்கல் விலையை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். கையால் எழுதிய பில்லில் பெருக்கல் தவறு சர்வசாதாரணம். தவறு இருந்தால் நீங்களாகப் பில்லில் அடித்துத் திருத்த வேண்டாம். அன்றே போன் செய்து திருத்திய பில்லோ கிரெடிட் நோட்டோ கேளுங்கள். அது வரும்வரை பில்லைத் தனி உறையில் வையுங்கள், வார மொத்தத்தில் சேர்க்காதீர்கள், நோட்டில் மட்டும் ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த மொத்தத்துக்கும் ஓர் எல்லை உண்டு. கம்பியில் இருந்த பில்கள் எல்லாம் ஏறிவிட்டன என்பதை மட்டுமே அது சொல்லும். லாரிக்காரர் சட்டைப்பையிலேயே போய்விட்ட பில்லைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அதற்காகக் கடை வாசலில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். சரக்கு இறங்கும்போது தேதி, பார்ட்டி, எத்தனை மூட்டை, இந்த மூன்று மட்டும். ஞாயிற்றுக்கிழமை பில்லையும் அந்த வரியையும் சேர்த்து டிக் அடியுங்கள். டிக் விழாத வரி இருந்தால் பில் வரவில்லை என்று அர்த்தம். நான் பார்க்கிற சிறு கடைகளில் பெரும்பாலும் இல்லாத நோட்டு இதுதான். பாக்கித் தகராறு பாதி இங்கேதான் தொடங்குகிறது.

ஏற்றும்போது

F9 அழுத்தி வரும் கொள்முதல் வவுச்சரில் இரண்டு தேதிகள் இருக்கும். சரக்கு இறங்கிய நாளை வவுச்சர் தேதியாகப் போடுங்கள். பில்லில் எழுதியிருக்கும் எண்ணும் தேதியும் Supplier Invoice No. என்ற இடத்திலும் அதன் பக்கத்துத் தேதியிலும் போகட்டும். உட்கார்ந்து ஏற்றுகிற ஞாயிற்றுக்கிழமைத் தேதியையே எல்லாவற்றுக்கும் போடும் பழக்கம் இருந்தால் இந்த வாரமே நிறுத்துங்கள். வாரத்தின் நடுவில் மாதம் முடிந்தால் பில் கட்டை இரண்டாகப் பிரித்து, இரண்டு மொத்தம் எழுதுங்கள்.

ஒரு மண்டிச் சீட்டை எடுத்துக்கொள்வோம். உளுத்தம் பருப்பு 50 கிலோ மூட்டை 2, கிலோ 118 ரூபாய், 11,800. அடியில் ஏற்றுக்கூலி 60, வண்டி வாடகை 200. கூட்டினால் 12,060. இதில் பருப்பு விலையை மட்டும் ஏற்றிவிட்டு, கூலியும் வாடகையும் தனிச் செலவுதானே என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் மண்டிக்காரர் கணக்கில் 12,060, உங்கள் கணக்கில் 11,800, சீட்டுக்குச் சீட்டு வித்தியாசம் ஏறிக்கொண்டே போகும். கூலிக்கும் வாடகைக்கும் தனி லெட்ஜர் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மூன்றும் ஒரே வவுச்சரில் இருக்கட்டும். பார்ட்டி கணக்கில் சீட்டின் அடி மொத்தம் அப்படியே ஏற வேண்டும்.

தொகைக்குப் பின்னால் போடும் "/-" குறியையும் கவனியுங்கள். வேகமாக எழுதிய கையெழுத்தில் 450/- என்பது 4501 மாதிரித் தெரியும். 4-ம் 9-ம், 3-ம் 8-ம் இன்னொரு தொல்லை. சந்தேகம் வந்தால் ஊகிக்காமல் அளவையும் விலையையும் பெருக்கிப் பாருங்கள். ஏற்றி முடித்த பில்லில் உடனே டிக் அடித்து மறுபக்கம் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.

மொத்தம் ஒத்துப்போகாவிட்டால்

ஏற்றி முடித்ததும் Purchase Register-ஐத் திறந்து, Alt+F2 அழுத்தி அந்த வாரத்தின் தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் கொடுங்கள். வவுச்சர்களின் எண்ணிக்கையையும் அடியில் வரும் மொத்தத்தையும் நோட்டில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவிடலாம்.

ஒத்துப்போகாவிட்டால் எல்லா பில்லையும் முதலிலிருந்து புரட்ட வேண்டாம். வித்தியாசத் தொகையே வழி காட்டும். ஓர் எடுத்துக்காட்டு. 17 பில்கள், காகித மொத்தம் 1,84,635. டேலியிலும் 17 வவுச்சர்கள், மொத்தம் 1,86,435. வித்தியாசம் 1,800, டேலியில் கூடுதல். எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் விடுபட்டதும் இல்லை, இரட்டித்ததும் இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். இனி 1,800-ஐ 9-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் போகிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி அடித்தால் வரும் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும். இன்னும் கொஞ்சம் நெருங்கலாம். ஆயிரம் இடத்து இலக்கமும் நூறு இடத்து இலக்கமும் இடம் மாறினால் வித்தியாசம் 900-ன் மடங்காக இருக்கும். 1,800 என்பது 900-ன் இரு மடங்கு. ஆக, ஆயிரம் இடத்துக்கும் நூறு இடத்துக்கும் 2 வித்தியாசம் உள்ள பில்லைத்தான் தேட வேண்டும். பதினேழில் அப்படி இரண்டோ மூன்றோதான் இருக்கும். வெல்ல மண்டிச் சீட்டில் 10 கிலோ பெட்டி 28, பெட்டி 445 வீதம் 12,460. டேலியில் 14,260. கிடைத்துவிட்டது.

9-ஆல் வகுபட்டால் இலக்கம்தான் மாறியிருக்கிறது என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஒரு சைபர் கூடிப்போனாலும் வித்தியாசம் 9-ஆல் வகுபடும்: 450 என்பது 4,500 ஆனால் 4,050. தேடலை எங்கே தொடங்குவது என்று சொல்லும் அளவுக்கே அதை நம்புங்கள். எண்ணிக்கையும் சேர்ந்து மாறியிருந்தால், வித்தியாசத் தொகைக்குச் சமமான பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விடுபட்டதோ இரட்டித்ததோ அதுவாகத்தான் இருக்கும்.

மொத்தம் ஒத்துப்போன பிறகும் பார்ட்டி மாறி ஏறியிருக்கலாம், அதை மொத்தம் காட்டாது. அதனால் திரையில் ஒவ்வொரு வரியிலும் பார்ட்டி பெயரை மட்டும் பில்களோடு வைத்து ஒரு ஓட்டம் பார்த்துவிடுங்கள். மாதம் ஒருமுறை பெரிய பார்ட்டிகள் மூன்று நான்கு பேரிடம் பாக்கி கேட்டு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு வாரமும் வேலையைத் தொடங்கும் முன் போன வாரத் தேதிகளைக் கொடுத்து அதன் மொத்தத்தை மறுபடி பாருங்கள். நோட்டில் இருக்கும் தொகையே வர வேண்டும். மாறியிருந்தால் யாரோ பழைய வவுச்சரைத் திறந்து மாற்றியிருக்கிறார்கள், அல்லது தேதி தவறி இந்த வார பில் ஒன்று அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. தாமதமாக வந்த பில்லை நீங்களே பழைய வாரத்தில் சேர்த்திருந்தால் அந்த வார வரியிலேயே புது மொத்தத்தை எழுதி, காரணமும் குறித்துவிடுங்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்து முடித்த மாதத்து பில் இப்போது வந்தால், வவுச்சர் தேதியை இந்த வாரமாக வைத்து, பில் தேதியை மட்டும் உள்ளபடி போடுங்கள்.

அந்த 9,240 ரூபாய்

இதிலும் தொகையிலிருந்தே தொடங்குவோம். 9,240-ன் இலக்கங்களைக் கூட்டினால் 15. 9-ஆல் வகுபடாது. ஆகவே ஒரே ஒரு பில்லில் இலக்கம் இடம் மாறியதால் வந்தது அல்ல. உங்கள் கணக்கில் பாக்கி கூடுதலாக இருப்பதால், ஒன்று கொள்முதல் கூடியிருக்க வேண்டும், அல்லது கொடுத்த பணமோ திருப்பிய சரக்கோ ஏறாமல் இருக்க வேண்டும்.

முதலில் அந்தப் பார்ட்டி லெட்ஜரில் 9,240 என்ற தொகை இருக்கிறதா பாருங்கள். இரண்டு இடத்தில் இருந்து, பில் எண்ணும் ஒன்றாக இருந்தால், ஒரே பில்லின் அசலும் நகலும் தனித்தனியாகக் கம்பிக்கு வந்திருக்கின்றன. கையால் எழுதும் பில்லில் கார்பன் நகல் லாரியோடு ஒன்று, பணம் வசூலிக்க வருகிறவரோடு இன்னொன்று என்று வருவது வழக்கம்தான். என் சந்தேகம் முதலில் இதன் மேல்தான் போகிறது.

அப்படி இல்லையென்றால் 9,240-ல் பாதியான 4,620-ஐத் தேடுங்கள். 4,620 ரூபாய்ச் சரக்கைத் திருப்பி அனுப்பிய சீட்டை, கொள்முதல் என்று நினைத்து F9-ல் ஏற்றியிருந்தால், குறைய வேண்டிய தொகை கூடியிருக்கும், வித்தியாசம் இரு மடங்காகும். திருப்பிய சரக்குக்கு டெபிட் நோட்டு போட வேண்டும், டேலியில் அது Alt+F5.

அதிலும் கிடைக்காவிட்டால் மண்டிக்காரரிடம் கணக்கு நகல் கேளுங்கள். வாங்குகிறவர் கேட்பது சாதாரணம், அவர்கள் தருவார்கள். கடைசியாக இரு பக்கமும் ஒத்துப்போன தேதியிலிருந்து வரிக்கு வரி டிக் அடியுங்கள். ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காத தொகை ஏதாவது இருந்தால் அங்கே வெளிவரும். தவறு எது என்று தெரியாமல் 9,240-ஐத் தள்ளுபடி என்று ஒரு ஜர்னல் போட்டுச் சமன் செய்துவிடாதீர்கள். இரட்டித்த பில்லாக இருந்தால் கொள்முதல் கூடி லாபம் குறைவாகக் காட்டியிருப்பீர்கள். அது இந்த ஆண்டு பதிவென்றால் அந்த வவுச்சரை நீக்கிவிட்டு வார நோட்டில் குறியுங்கள். கணக்கு முடித்த ஆண்டாக இருந்தால் கை வைக்காமல் ஆடிட்டரிடம் சொல்லுங்கள்.

கைப் பில் செல்லுமா, 2பி போதுமா?

கையால் எழுதியது என்பதாலேயே ஒரு பில் செல்லாமல் போகாது. விற்பவரின் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண், தொடர் வரிசையில் பில் எண், தேதி, சரக்கு, மதிப்பு, வரி, கையெழுத்து போன்ற விவரங்கள் இருக்க வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது. அச்சடித்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்துக் கடைக்காரர் சொல்வதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டிய மொத்த வியாபாரி, வரி உள்ள சரக்கை உங்களைப் போன்ற பதிவு பெற்ற கடைக்கு விற்கும்போது இ-இன்வாய்ஸ் தர வேண்டும். 2023 ஆகஸ்ட் 1 முதல் இந்த வரம்பு நடைமுறையில் இருக்கிறது. அப்படிப்பட்டவர் க்யூஆர் குறியீடு இல்லாமல் கைப் பில் கொடுத்தால் அதைச் சட்டம் பில்லாகவே ஏற்காது, உங்கள் உள்ளீட்டு வரி ஆபத்தில் இருக்கும். உங்கள் எண்ணெய், மசாலா வியாபாரிகளில் பெரியவர்கள் யார் என்று பார்த்து, அவர்களிடம் கேட்டு வாங்குங்கள். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் வரி வசூலிக்கக் கூடாது, அவர் பில்லுக்கு உங்களுக்கு உள்ளீட்டு வரியும் கிடையாது. அவர் பில்லின் தலைப்பிலேயே அந்த வாசகம் இருக்கும்.

2பி பற்றி ஆடிட்டர் அலுவலகம் சொன்னது வரிக்குச் சரி, கணக்குக்குப் போதாது. விற்பவர் தாக்கல் செய்ததை வைத்து ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி வரும் அறிக்கை அது. அதில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி எடுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் பதிவில்லாதவர்களின் சீட்டு அதில் வராது. 50 கிலோ மூட்டைப் பருப்பு, பாக்கெட் போடாத வெல்லம் மாதிரி வரியில்லாத சரக்குக்கு அதை நம்பிச் சரிபார்க்கவும் முடியாது. உங்கள் 9,240 ரூபாய் அந்த ரகம்தான், 2பி-யில் எத்தனை முறை தேடினாலும் கிடைத்திருக்காது.

வரி உள்ள பில் 2பி-யில் இல்லையென்றால் அவசரப்பட்டுக் கணக்கிலிருந்து நீக்கவும் வேண்டாம். சிறு வியாபாரிகள் பலர் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் தாக்கல் செய்கிறார்கள். ஜூலை மாதத்து பில் அக்டோபர் 14-ல் தலைகாட்டலாம். அப்படிப்பட்ட பில்களை ஒரு பட்டியலில் வைத்துக்கொண்டு, வரும் மாதத்தில் எடுத்துக்கொள்ளலாம். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை அவகாசம் உண்டு. அதற்கு முன்பே ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்துவிட்டால் அன்றோடு முடிந்துவிடும்.

கடைசியாகக் கம்பி. பில்லைக் குத்தும்போது ஓட்டை நேராகப் பில் எண்ணிலோ தொகையிலோ விழுகிறது. ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் இவற்றைப் பத்திரமாக வைக்க வேண்டும். அன்றாடம் சேர்ப்பதற்குக் கிளிப் போட்ட அட்டை ஒன்று போதும். ஏற்றி முடித்ததும் சிவப்பு எண் வரிசையில் மாதத்துக்கு ஒரு ஃபைலில் போட்டு, மேலே அந்த மாதத்தின் வார மொத்தங்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கார்பன் நகல் மட்டுமே இருக்கும் பில்களை அன்றே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த எழுத்து இரண்டு கோடையைத் தாங்காது.